எந்த மடலை மூடுவது?

நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். அதில் கொஞ்சத்தை மட்டும் வெளியே விட்டு, மிச்சம் உள்ளே இருக்கும்போதே மறுபடியும் இழுத்துப் பாருங்கள். நாலைந்து தடவைக்குள் திணறிவிடும். கடுமையான எம்ஃபிசிமா உள்ளவர் படி ஏறும்போதும், குளிக்கும்போதும், சட்டைக்குள் கையை நுழைக்கும்போதும் இப்படித்தான் மூச்சு விடுகிறார். காற்று உள்ளே போவதைவிட, போன காற்று வெளியே வருவதுதான் அவருக்குப் பெரும்பாடு.

பெரும்பாலும் பல ஆண்டு சிகரெட் பழக்கத்தால், நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து பெரிய பொந்துகளாகிவிடுகின்றன. சுருங்கும் தன்மை போய்விடுவதால் காற்று அங்கேயே தேங்குகிறது. ஊதிப்போன அந்தப் பகுதி ரத்தத்துக்கு ஆக்சிஜன் தருவதில்லை. ஆனால் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு, பக்கத்தில் நன்றாக இருக்கும் நுரையீரலை நசுக்குகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குவிந்திருக்க வேண்டிய உதரவிதானத்தையும் கீழே அழுத்தித் தட்டையாக்கிவிடுகிறது. தட்டையான தசையால் மூச்சை இழுக்க முடியாது. இன்ஹேலர் குழாய்களைக் கொஞ்சம் விரிக்கும். சிதைந்த சுவரை மீட்டுத் தராது.

அப்படியானால், உதவாத பகுதியை எடுத்துவிட்டால் என்ன? 1950களிலேயே அமெரிக்காவின் பால்டிமோரில் ஓட்டோ பிராண்டிகன் என்ற அறுவை மருத்துவர் இதைச் செய்து பார்த்தார். சிலருக்கு மூச்சு எளிதானது. ஆனால் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இறந்தார், முயற்சி கைவிடப்பட்டது. 1990களில் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோயல் கூப்பர் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். முடிவுகள் நன்றாக இருந்ததால் நாடெங்கும் அறுவைகள் பெருகின. யாருக்கு நல்லது, யாருக்கு ஆபத்து என்பது மட்டும் தெளிவாகவில்லை.

அதைத் தெளிவாக்க 1,218 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு அறுவை, பாதிப் பேருக்கு மருந்தும் உடற்பயிற்சியும் மட்டும். 2001இல், ஆய்வு முடியும் முன்பே, ஒரு கடுமையான செய்தி வந்தது. ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று இயல்பில் 20 சதவீதம் அல்லது அதற்கும் கீழே இறங்கி, அதோடு நோய் நுரையீரல் முழுக்கச் சமமாகப் பரவியவர்களையோ, ரத்தத்துக்கு வாயுவைக் கடத்தும் திறனும் அதே அளவுக்குக் குறைந்தவர்களையோ அறுவை செய்தால், 30 நாளுக்குள் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். அறுவை செய்யாத அதே வகை நோயாளிகளில் அந்த 30 நாளில் யாரும் இறக்கவில்லை. 2003இல் வந்த முழு முடிவு மறுபக்கத்தைக் காட்டியது: சிதைவு முக்கியமாக மேல் மடலில் இருந்து, உடற்பயிற்சித் திறனும் மிகக் குறைந்தவர்களுக்கு, அறுவை மரண அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஒரே அறுவை, நேரெதிர் முடிவுகள்.

வெட்டி எடுக்காமலே மடலைச் சுருக்கலாம் என்ற எண்ணத்தில் வந்தவைதான் மூச்சுக்குழாய் வால்வுகள். பிராங்கோஸ்கோப்பைத் தொண்டை வழியாக இறக்கி, சிதைந்த மடலுக்குப் போகும் கிளைக்குழாய்களில் வழக்கமாக மூன்று முதல் ஐந்து வால்வுகளைப் பொருத்துவார்கள். காற்றும் சளியும் வெளியே வரலாம், காற்று உள்ளே போக முடியாது. மடல் மெல்ல வற்றிச் சுருங்க வேண்டும். ஆனால் 2010இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் கிடைத்த சராசரிப் பலன் சொற்பமே. காரணம் மடல்களுக்கு நடுவே இருக்கும் பிளவுகளில் இருந்தது. பலருக்கு இந்தப் பிளவு முழுதாக இருப்பதில்லை. அங்கே இரு மடல்களும் ஒட்டி, ஒன்றின் காற்று இன்னொன்றுக்குக் கசிகிறது. வாசலைப் பூட்டினாலும் பொதுச்சுவரில் ஓட்டை இருந்தால் பக்கத்து அறைக் காற்று வந்துகொண்டேதான் இருக்கும். இந்தக் கசிவு உள்ளவர்களை விலக்கி நெதர்லாந்தின் குரோனிங்கனில் 68 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் வால்வு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆறு நிமிட நடையில் சராசரி 74 மீட்டர் வித்தியாசம் வந்தது.

தேர்வு எப்படி நடக்கிறது என்பதைக் கற்பனையான ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். வயது 64, சிகரெட்டை விட்டு ஓராண்டு ஆகிறது. புகைப்பதை நிறுத்திச் சில மாதங்களாவது ஆகாதவரை இந்தச் சிகிச்சைக்கு எடுப்பதில்லை. இன்ஹேலர் முறையாகப் போய்க்கொண்டிருக்கிறது, சில வாரங்கள் மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் முடித்துவிட்டார். அப்படியும் ஆறு நிமிடத்தில் 280 மீட்டர்தான் நடக்கிறார். ஒரு நொடியில் ஊதும் காற்று 0.8 லிட்டர், அதாவது இயல்பில் முப்பது சதவீதத்துக்கும் கீழே. முழுதாக ஊதிய பிறகும் உள்ளே தங்குவது 5 லிட்டர். இயல்பைவிட இரு மடங்குக்கும் மேல். இந்தத் தேக்கம்தான் முதல் தகுதி. தேக்கம் அதிகமில்லாமல் மூச்சு வாங்குகிறவருக்குக் காலி செய்ய எதுவும் இல்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு மிகவும் ஏறியிருக்கிறதா, நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அவருடைய சி.டி. ஸ்கேனில் இரண்டு மேல் மடல்களுமே சிதைந்திருக்கின்றன. வலது கொஞ்சம் அதிகம். வலதைத்தான் மூட வேண்டும் என்று தோன்றும். ஆனால் வலது மேல் மடலுக்கும் நடு மடலுக்கும் இடையே பிளவு பாதியில் நின்றுவிடுகிறது. அங்கே வால்வு வைப்பது வீண். இடப்பக்கப் பிளவு ஏறத்தாழ 90 சதவீதம் முழுமை. ஸ்கேன் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாத அளவு. அதனால் இடது மேல் மடலின் குழாயைச் சிறு பலூனால் அடைத்து, உள்ளிருந்து வரும் காற்றை அளக்கிறார்கள். சில நிமிடங்களில் காற்று குறைந்து குறைந்து நின்றுவிட்டால் கசிவு இல்லை. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எங்கோ ஓட்டை. இவருக்கு நிற்கிறது. நான்கு வால்வுகள் பொருத்தப்படுகின்றன.

இரண்டாம் நாள் காலை இடது மார்பில் சுருக்கென்று வலி, மூச்சுத் திணறல். எக்ஸ்ரேயில் நுரையீரலுக்கு வெளியே காற்று. மேல் மடல் திடீரெனச் சுருங்கியதால் கீழ் மடல் வேகமாக விரிந்து எங்கோ கிழிந்திருக்கிறது. இது அபூர்வமல்ல. 2018இல் வெளியான ஆய்வில் வால்வு வைத்த 128 பேரில் நான்கில் ஒருவருக்கு மேல் இப்படி ஆனது. முதல் 45 நாளில் நால்வர் இறந்தனர். பெரும்பாலும் முதல் மூன்று நாளில் நேர்வதால்தான் அதுவரை மருத்துவமனையிலேயே இருக்கச் சொல்கிறார்கள். வீடு திரும்பிய பிறகு இந்த வலி வந்தால் ஒரு மணி நேரம்கூடப் பொறுத்திருக்கக் கூடாது. நெஞ்சில் குழாய் போட்டுக் காற்றை வடித்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிறது. கசிவு நிற்காதபோது ஒரு வால்வை எடுத்துவிடுவதும் உண்டு.

மூன்று மாதம் கழித்து இவருக்கு எதிர்பார்க்கக்கூடியது: தேங்கும் காற்றில் அரை லிட்டர் அளவு குறைவு, நடையில் நாற்பது ஐம்பது மீட்டர் கூடுதல். சொல்லக் கேட்க அற்பமாக இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே அடைந்தவருக்கு அது தெருமுனை வரை போய்வரும் தூரம். நோய் குணமாகவில்லை, சிதைவும் நிற்கவில்லை. கூடிய பலன் பின்னாளில் மெல்லக் கரையும். இதைச் சிகிச்சைக்கு முன்பே குடும்பத்தாரிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

வால்வுக்கும் அறுவைக்கும் எது மேல்? இரண்டுக்கும் பொருத்தமான 88 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வால்வைத் திரும்ப எடுத்துவிடலாம், வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் இருவகைக்கும் பொருந்துகிறவர் வால்வைத் தேர்வது இயல்பு. பிளவில் கசிவு உள்ளவருக்கோ வால்வு வழி அடைபடுகிறது; மேல் மடல் நோயும் தாங்கும் உடலும் இருந்தால், துளைவழி அறுவைதான் அவருக்கு உள்ள வாய்ப்பு. பழைய காசநோயால் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிப்போயிருந்தால் அறுவை கடினமாகும் என்பதையும் நம் பக்க மருத்துவர்கள் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

வால்வு வைத்து நன்றாக நடந்துகொண்டிருந்தவர், சில மாதத்தில் மறுபடி பழையபடி மூச்சு வாங்கினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. ஸ்கேனில் சுருங்கிய மடல் மறுபடி விரிந்திருப்பது தெரியலாம். வால்வு இடம் பெயர்ந்திருக்கும், அல்லது சுற்றிலும் சதை வளர்ந்து ஓரத்தில் காற்றுக்கு வழி விட்டிருக்கும். பிராங்கோஸ்கோப்பில் பார்த்து அந்த வால்வை மட்டும் மாற்றினால் பலருக்கு இழந்த மூச்சு திரும்புகிறது.