“என் போர்ட்ஃபோலியோவைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் சார்”

டிசைன் படித்தவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் மதிப்பெண் பட்டியலை முதலில் கேட்பதில்லை. அவர் செய்த வேலைகளின் தொகுப்பைத்தான் கேட்கும். போர்ட்ஃபோலியோ என்பது அதுதான். ஒரு பிடிஎஃப் கோப்பாகவோ சொந்த இணையப் பக்கமாகவோ இருக்கும். விண்ணப்பம் போடும் முன் அனுபவமுள்ள ஒருவரிடம் அதைக் காட்டிக் கருத்துக் கேட்பது இந்தத் துறையின் வழக்கம். அதற்காக மாணவர்கள் எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“வணக்கம் சார். நான் டிசைன் இறுதியாண்டு மாணவி. என் போர்ட்ஃபோலியோவின் லிங்க் கீழே இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது பார்த்துக் கருத்துச் சொன்னால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.”

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இதற்குப் பதில் எழுதுவது கஷ்டம். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறார், எப்போது, அவருக்கு எதில் சந்தேகம் என்று எதுவும் தெரியாது. லிங்க்கைத் திறந்தால் எட்டு வேலைகள், அறுபது பக்கம் இருக்கும். லோகோ, புத்தக அட்டை, ஆப், ஒரு நாற்காலி என்று எல்லாம் கலந்திருக்கும். ஒழுங்காகப் படித்து எழுத ஒரு மாலைப் பொழுது முழுதும் வேண்டும். அவ்வளவு நேரம் யாரிடமும் இல்லை. எனவே “நன்றாக இருக்கிறது, வாழ்த்துகள்” என்று ஒரு வரி வரும், அல்லது எதுவும் வராது. இரண்டாலும் மாணவிக்குப் பயனில்லை.

அதே மாணவி இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

“வணக்கம் சார். நான் டிசைன் இறுதியாண்டு மாணவி. ஜூன் முதல் வாரத்தில் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள சிறிய மென்பொருள் நிறுவனங்களில் யுஎக்ஸ் டிசைனர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். போர்ட்ஃபோலியோவில் மூன்று வேலைகள் இருக்கின்றன. நீங்கள் முதலாவதை மட்டும், அதாவது 3 முதல் 12 வரையுள்ள பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். முதியவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் அது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்தோம். வீடுகளுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேசியதும், மாத்திரை அட்டவணை வரும் திரையை வடிவமைத்ததும் நான். முதலில் நேரத்தை வட்டமான கடிகாரம் போலக் காட்டினோம். அவர்கள் குழம்பியதால் காலை, மதியம், இரவு என்று மூன்று வரிசையாக மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்பது புதிதாகப் படிப்பவருக்குப் புரிகிறதா? 20ஆம் தேதிக்குள் இரண்டு வரி எழுதினாலும் போதும். இப்போது முடியாது என்றாலும் சொல்லிவிடுங்கள், வேறொருவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.”

கடிதம் நீளமாகிவிட்டது, ஆனால் பெறுபவரின் வேலை சுருங்கிவிட்டது. பத்துப் பக்கம், ஒரு கேள்வி, ஒரு தேதி. பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது “நான்கு பேர் சேர்ந்து செய்தோம்” என்ற வரி. கல்லூரியில் பெரும்பாலான வேலைகள் குழுவாகத்தான் நடக்கும். அந்த நான்கு பேரும் அதே ஆப்பை அவரவர் போர்ட்ஃபோலியோவில் வைப்பார்கள். ஒரே கல்லூரியிலிருந்து விண்ணப்பங்கள் வரும்போது ஒரே திரை நான்கு முறை கண்ணில் படும். யார் எதைச் செய்தார்கள் என்று எழுதாதவர் மீதுதான் முதலில் சந்தேகம் வரும். “நான் இதைச் செய்தேன், நிறங்களைத் தேர்ந்தெடுத்தது என் தோழி” என்று எழுதினால் மதிப்புக் கூடுமே தவிர குறையாது. நேர்காணலில் கேள்வி கேட்கவும் அது பிடி கொடுக்கும்.

சரி, மூத்தவர் அந்தப் பத்துப் பக்கத்தைத் திறக்கிறார். அவர் கண்ணில் என்ன படும்?

முதல் மூன்று பக்கத்தில் ‘டபுள் டைமண்ட்’ வரைபடமும், சுவரில் ஒட்டிய வண்ணச் சீட்டுகளின் புகைப்படங்களும் இருக்கும். டபுள் டைமண்ட் என்பது பிரிட்டனின் டிசைன் கவுன்சில் பிரபலப்படுத்திய, வேலையின் படிநிலைகளைக் காட்டும் ஒரு படம். வகுப்பில் எல்லோருக்கும் சொல்லித் தருவதால் எல்லோருடைய போர்ட்ஃபோலியோவிலும் இருக்கிறது. இந்த மாணவி என்ன யோசித்தார் என்பதை அது சொல்வதில்லை. அதை எடுத்துவிட்டு, குழப்பிய கடிகாரத் திரையையும் மாற்றிய மூன்று வரிசைத் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரியவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று கீழே இரண்டு வாக்கியம் எழுதினால் போதும். மாணவி கேட்ட கேள்விக்கு மூத்தவரின் பதில் அதுவாகத்தான் இருக்கும். மாற்றத்தின் காரணம் ஒன்பதாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது, அதை முதல் பக்கத்துக்குக் கொண்டு வா.

அடுத்து, அவர் கேட்காத ஒன்றும் தெரியவரும். மாத்திரை வேளை வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. நிறத்தின் குறியீடு #999999. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுவார்கள். இணைய அணுகல் நெறிகளான WCAG, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. இந்தச் சாம்பலுக்குக் கிடைப்பது 2.85 மட்டுமே. மாணவியின் லேப்டாப்பில் அது அழகாகத்தான் தெரிந்திருக்கும். கண்புரை உள்ள ஒரு பாட்டி, வெயில் படும் திண்ணையில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தால் அந்த எழுத்தே இருக்காது. முதியோருக்கான ஆப்பில் இது சின்னத் தவறு இல்லை, வேலையின் நோக்கத்தையே கெடுப்பது. நிறத்தை #595959 என்று மாற்றினால் விகிதம் 7 ஆகிவிடும். சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். சரிசெய்ததையும் போர்ட்ஃபோலியோவில் ஒரு வரி எழுதலாம்.

தமிழில் வரும் திரைகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. ஆங்கிலத்தில் ‘Remind’ என்று வைத்து அளவெடுத்த பொத்தானில் ‘நினைவூட்டு’ என்று போட்டால் எழுத்து வெளியே வழியும். வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி விட்டால், ‘கி’, ‘கீ’ போன்ற எழுத்துகளின் மேல்சுழி வெட்டுப்படலாம். மாதிரித் திரைகளை ஆங்கிலத்திலேயே செய்து முடிக்கும் மாணவர்களுக்கு இது கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது.

இவ்வளவையும் கெடுக்க ஒரு சின்ன விஷயம் போதும். லிங்க்கை அழுத்தினால் ‘Request access’ என்று வந்து நிற்கும். கூகுள் டிரைவில் கோப்பைத் தமக்கு மட்டும் திறந்து வைத்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். தம் கணக்கிலிருந்து பார்ப்பவருக்கு அது திறக்கும், எனவே பிழை தெரியாது. அனுப்பும் முன் பிரவுசரில் இன்காக்னிடோ சன்னலில் ஒருமுறையும் ஃபோனில் ஒருமுறையும் திறந்து பார்த்துவிட வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் செய்த வேலையைக் காட்டும் முன் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேட்பதும் அவசியம். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது பலருக்கு நினைவிருப்பதில்லை. மூத்தவருக்கு நினைவிருக்கும். நம் ரகசியத்தையும் இவர் நாளை இப்படித்தான் வெளியில் காட்டுவார் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

பதில் வந்ததும் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. ஒருவர் நிறத்தைக் குறை சொல்வார், இன்னொருவர் அதையே பாராட்டுவார். ரசனை சார்ந்த கருத்தை எடுத்துக்கொள்ளலாம், விடலாம். ஆனால் “இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை” என்று ஒருவர் சொன்னாலும் அந்த இடத்தைத் திருத்தியே ஆக வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பவரும் அங்கேதான் நிற்பார், அவர் காரணம் சொல்லி எழுத மாட்டார்.

மாணவர்களுக்கு நான் சொல்வது: விண்ணப்பத்துக்கு முந்தைய இரவு கேட்காதீர்கள், மூன்று வாரம் முன்பே எழுதுங்கள். திருத்திய பிறகு எதை மாற்றினீர்கள் என்று இரண்டு வரியில் தெரிவியுங்கள். மூத்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பார்க்க நேரமில்லையென்றால் “இந்த மாதம் முடியாது” என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். காத்திருந்து வீணாகும் இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளை வேறொருவரிடம் கேட்டிருக்க முடியும்.