பகலில் வெள்ளைத் திரை, இரவில் கறுப்பு

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களின் கணக்கை எக்ஸெல்லில் நாள் முழுக்கப் பார்ப்பவன் நான். இங்கு கடல் கிழக்கில் இருப்பதால் காலை வெயில் ஜன்னல் வழியே நேராக மானிட்டரில் விழும். அப்போது கறுப்பு தீம் கண்ணாடி போல ஜன்னலையே காட்டும். பகலுக்கு வெள்ளைப் பின்னணிதான் சரி.

இரவில் விண்டோஸின் ஹை கான்ட்ராஸ்ட் வேண்டுமெனில் இடது ஆல்ட், இடது ஷிப்ட், பிரின்ட் ஸ்கிரீன் கீகளைச் சேர்த்து அழுத்தி, Yes கொடுக்கவும். மீண்டும் அழுத்தினால் பழையபடி ஆகும். அஸ்டிக்மாட்டிசம் உள்ள சிலருக்கு வெள்ளை எழுத்துகள் சிதறித் தெரியும். அவர்கள் இதை விட்டுவிடலாம்.

கண்ணை அதிகம் வாட்டுவது அடைப்புக்குறிகளை எண்ணுவதுதான். பத்து நாளுக்கு மேல் நிற்கும் கன்டெய்னரின் வாடகைக்கு:

```
=IF(B2>10,ROUND((B2-10)*C2,2),0)
```

டைப் செய்கையில் எக்ஸெல் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிறம் தரும். வெள்ளைத் திரையில் வெளி ஜோடி கறுப்பு. கடைசிக் குறி வேறு நிறமென்றால் ஒன்று விடுபட்டிருக்கிறது.