புதிய காரில் தொடர் பழுதா? எந்த வாசலைத் தட்டுவது?

சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து வாங்கிய புதிய கார், வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போனால் என்ன செய்வீர்கள்? "ஏமாற்றிவிட்டார்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுப்போம்" என்றே நம்மில் பலருக்கு முதலில் தோன்றும். அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆந்திரத்திலேயே ஒரு வழக்கு உண்டு.

ஜி.வி.ஆர். இந்தியா புராஜெக்ட்ஸ் என்ற நிறுவனம் 2009 செப்டம்பர் 25 அன்று பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் கார் ஒன்றை வாங்கியது. நான்காம் நாளே, செப்டம்பர் 29 அன்று, ஓட்டும்போது கடுமையான பழுது தென்பட்டுப் பணிமனைக்குப் போயிற்று. நவம்பர் 13 அன்று அதே போன்ற பழுது மீண்டும் வந்தது. மூன்று நாள் கழித்து, மோசடி என்று குற்றப் புகார் கொடுக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் 2012 மார்ச் 22 அன்று, இதில் மோசடிக்கான கூறுகள் இல்லை என்று வழக்கை ரத்து செய்தது. ஆயினும் புதிய கார் கொடுக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நிறுவனம் அதற்கு இசைந்து கடிதம் எழுதியது. வாங்கியவரோ, கார் வேண்டாம், வட்டியோடு பணமே வேண்டும் என்றார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்று, 2024 ஜூலை 10 அன்றுதான் முடிந்தது. நிறுவனம் 50 லட்சம் ரூபாய் கொடுத்துக் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள்!

பழுதுள்ள பொருளை விற்பது மட்டுமே மோசடி ஆகாது. விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு ஏற்ற வாசல் நுகர்வோர் ஆணையமே. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. சென்னையில் வாங்கிய காருக்காகத் திருப்பதிவாசி சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். திருப்பதியில் குடியிருக்கும் ஒருவர் 9 லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்குகிறார். கியர் மாற்றும்போது வண்டி நின்றுபோகிறது; நான்கு முறை பணிமனைக்குப் போயும் தீரவில்லை. செலுத்திய விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இவருக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பில் சேர்க்க வேண்டும். டீலரின் தனித் தவற்றுக்குத் தயாரிப்பாளர் தானாகப் பொறுப்பாவதில்லை என்று 2021-இல் உச்சநீதிமன்றம் கூறியிருப்பதால், யார் எதில் தவறினார் என்பதைப் பிரித்து எழுதுவது அவசியம்.

இவர் எதைக் கேட்கலாம்? பழுதை நீக்கித் தரும்படி, வேறு புதிய கார் தரும்படி, அல்லது விலையைத் திருப்பித் தரும்படி கேட்கலாம். அதோடு இழப்பீடும் கேட்கலாம். ஆனால் எல்லாப் பழுதுக்கும் புதிய கார் கிடைத்துவிடாது. கிளட்ச் பழுதான ஒரு மாருதி கார் வழக்கில், உத்தரவாதச் சீட்டு பழுதான பாகத்தைச் சரிசெய்து அல்லது மாற்றித் தருவதையே சொல்கிறது என்று காட்டி, முழுக் காரையும் மாற்றித் தரும் உத்தரவை 2006-இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே பழுது ஒரு பாகத்தோடு நில்லாதது, பாகத்தை மாற்றியும் தீராதது என்று நிலைநாட்டுவதே வழக்கின் உயிர்நாடி.

அந்தச் சாட்சி பணிமனையின் ஜாப் கார்டில்தான் இருக்கிறது. வண்டியை விடும்போது, "கியர் பிரச்சினை" என்று பொதுவாக எழுத விடாதீர்கள். "மூன்றாவது கியரில் ஏற்றத்தில் நின்றது" என்று நீங்கள் சொன்னபடியே எழுதச் செய்யுங்கள். ஓடிய கிலோமீட்டர், விட்ட தேதி, எடுத்த தேதி, மாற்றிய பாகம் எல்லாம் இருக்க வேண்டும். "பரிசோதித்தோம், பழுதில்லை" என்று எழுதியிருந்தால், திருப்தி என்று கையொப்பமிடாமல், பழுது தொடர்கிறது என்று அதிலேயே எழுதிவிடுங்கள். அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடும் அந்தக் கையொப்பம் பிற்பாடு எதிர்தரப்பின் ஆயுதமாகும். தேவைப்பட்டால் வண்டியை உரிய ஆய்வகத்தின் பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம்.

பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் டாக்சிக்கும் இச்சட்டம் பொருந்தும். பல வண்டிகளை வாங்கி ஆள் வைத்து ஓட்டும் வணிகருக்குப் பொருந்தாது.

புகாருக்குக் காலவரை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். "அடுத்த சர்வீஸில் பார்ப்போம்" என்ற பதில்களை நம்பி அதைக் கழித்துவிடாதீர்கள். கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் மட்டும் அந்தக் காலம் நீளாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வருகின்றன. அப்போது மாற்றுக் கார் தருவதாகச் சொன்னால், எந்த மாடல், எந்த ஆண்டுத் தயாரிப்பு, பதிவுச் செலவும் காப்பீடும் யாருடையது என்பதை எழுத்தில் பெற்ற பிறகே பழைய வண்டியின் சாவியைக் கொடுங்கள்.