சொல்லுக்கு முன்னே புறப்படும் கை

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் அடிக்கடி பார்க்கிறோம். "நம் முன்னோர் வானுயர்ந்த கோபுரங்களை எழுப்பினார்கள்" என்று மாணவி சொல்லி முடிக்கிறாள். அதன் பிறகுதான் வலது கை மேலே போகிறது. அது இறங்குவதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. ஏதோ ஒட்டவில்லை என்று கேட்பவர்களுக்குப் படுகிறது. கை காட்டியதில் தவறில்லை, காட்டிய நேரம்தான் தவறு.

திண்ணையில் உட்கார்ந்து கதை பேசும் யாருக்கும் இந்தச் சிக்கல் வருவதில்லை. பேச்சோடு வரும் கையசைவுகளை ஆராய்ந்த ஆடம் கெண்டனும் டேவிட் மெக்நீலும் ஒவ்வோர் அசைவையும் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். கை முதலில் எழுந்து தயாராகிறது. பிறகு பொருளைக் காட்டும் முக்கிய அசைவு வருகிறது. சில சமயம் கை அங்கேயே ஒரு கணம் நிற்கும், பிறகு ஓய்வுக்குத் திரும்பும். முக்கிய அசைவு பெரும்பாலும் உரிய சொல்லுக்குச் சற்று முன்போ அந்தச் சொல்லோடு சேர்ந்தோ விழுகிறது. அப்படியானால் கை புறப்படுவது அதற்கும் முன்னால். எண்ணம் உருவாகும்போதே கையும் கிளம்பிவிடுகிறது. பிறவியிலேயே பார்வையற்றவர்கள், பார்வையற்ற இன்னொருவரிடம் பேசும்போதும் கையசைக்கிறார்கள் என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனப்பாடம் செய்த குழந்தையின் மனமோ கோபுரத்தை நினைக்கவில்லை, அடுத்த வரியைத் தேடுகிறது. அதனால்தான் அதன் கை பிந்துகிறது.

கிராம சபையில் ஒரு பெண் பேசுவதாக வைத்துக்கொள்வோம். "எனக்குக் கல்யாணம் ஆனப்போ இருபது அடியில தண்ணி கிடந்துச்சு. இப்ப முந்நூறு அடி தோண்டினாத்தான் வருது" என்கிறார். இதற்கு இரண்டு அசைவுகள் போதும். உள்ளங்கை கீழ்நோக்கியபடி மார்பளவில் எழட்டும். "இருபது" என்னும்போது சற்றே இறங்கி அங்கேயே நிற்கட்டும். "முந்நூறு" என்று வாய் திறக்கும்போது இடுப்புக்குக் கீழே போய், "வருது" என்று முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். எண்களைக் காது கேட்கிறது, இடைவெளியைக் கண் பார்க்கிறது. பலரும் கைவிடுவது கடைசியில் வரும் அந்த நிறுத்தத்தைத்தான். கையை உடனே இழுத்துக்கொண்டால், கேட்பவர் பள்ளத்தைப் பார்ப்பதற்குள் அது மறைந்துவிடும். "கல்யாணம்", "தண்ணி" என்று சொல்லுக்குச் சொல் கை ஆடினாலோ, எந்த அசைவுக்குப் பொருள் உண்டு என்பதே தெரியாமல் போகும்.

அன்று, இன்று என்று காலத்தைப் பக்கவாட்டில் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் இடப்பக்கம் எதிரே இருப்பவருக்கு வலப்பக்கம். தமிழை இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண்ணுக்குக் காலமும் அப்படி நகர்ந்தால்தான் இயல்பாக இருக்கும். எனவே "அன்று" என்பதைப் பேசுபவர் தன் வலக்கைப் பக்கம் வைத்து, இடப்பக்கம் நோக்கி நகர வேண்டும்.

பரதநாட்டியத்தில் கை போகும் இடத்துக்குக் கண்ணும் போக வேண்டும். மேடைப் பேச்சில் அது வழக்கமானால் கேடு. கேட்பவர்கள் பெரும்பாலும் பேசுபவரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கையசைவை ஓரக்கண்ணால் வாங்கிக்கொள்கிறார்கள். பேசுபவரே தன் கையைப் பார்த்தால் அவர்கள் கண்ணும் அங்கே திரும்பும். கட்டாயம் பார்க்க வேண்டிய ஓரிடத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

கால்களுக்கு அதிக வேலை வேண்டாம். எடை இரண்டு பாதங்களிலும் சமமாக இருந்தால் உடல் ஊசலாடாது. ஒரு செய்தியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடக்கலாம். முக்கியமான வரி வரும்போது நின்றுவிட வேண்டும். மைக் ஸ்டாண்டின் முன் பேசுகிறவர் பக்கவாட்டில் இருப்பவர்களைப் பார்க்கத் தலையை மட்டும் திருப்பினால் குரல் பாதியில் காணாமல் போகும். வாய் மைக்கை விட்டு விலகாதபடி உடலோடு திரும்ப வேண்டும்.

பேசியதைச் செல்போனில் எடுத்து, முதலில் ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். எந்தச் சொல்லுக்கும் ஒரே மாதிரி வரும் அசைவு, மோதிரத்தைத் திருகுவது, சேலைத் தலைப்பைச் சரிசெய்வது எல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும். வேகமாக ஓட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு ஒலியோடு பார்த்து, கை சொல்லுக்குப் பிந்துகிறதா என்று கவனியுங்கள். பிந்தினால் கையைத் திருத்தாதீர்கள். அந்த வரியைப் படிக்காமல், அதன் செய்தியை வீட்டில் ஒருவரிடம் சொந்த வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கை தானே சரியான நேரத்துக்கு வந்துவிடும்.

போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதிக் கொடுக்கும் தாளில் "இங்கே கையை உயர்த்து" என்று குறிக்காதீர்கள். அந்த வரியில் இருப்பதை முதலில் பிள்ளைக்குக் காட்டுங்கள், உங்களிடம் அதை அதன் போக்கில் சொல்லச் சொல்லுங்கள்.