ஆயிரம் எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?

திருப்பூரில் அச்சிட்ட டி-ஷர்ட் தைத்துத் தரும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 உருப்படி வாங்கினால் ஒன்று 200 ரூபாய். புதிதாக வந்தவர், "ஆயிரம் எடுக்கிறேன், 160-க்குத் தருவீர்களா?" என்கிறார்.

பதிலுக்கு முன் கணக்குப் போட வேண்டும். துணி, தையல், பேக்கிங் உருப்படிக்கு 135 ரூபாய். இது பெரிதாகக் குறையாது. அச்சுக்கான ஸ்கிரீன், பேட்டர்ன் செலவு ஆர்டருக்கு 3,000. அது 100 உருப்படியில் தலைக்கு 30 ரூபாய், 500-இல் 6, ஆயிரத்தில் 3. அதாவது 500-க்கு மேல் மிச்சமாவது மூன்றே ரூபாய். அடக்கம் 138 ஆகும்போது 160-க்குக் கொடுத்தால், 35 ரூபாய் லாபம் 22 ஆகச் சுருங்கிவிடும்.

எனவே "முடியாது" என்னாமல் படிநிலை விலை எழுதுங்கள்: 100 முதல் 200 ரூபாய், 500 முதல் 178, 1,000 முதல் 172. கூடவே நிபந்தனைகள்: ஒரே டிசைன், ஒரே டெலிவரி, பாதித் தொகை முன்பணம், மீதி சரக்கு கிளம்பும் முன், ஜிஎஸ்டியும் லாரி வாடகையும் தனி, விலை 15 நாளுக்கு மட்டும்.

ஆயிரம் என்று சொல்லி விலை பேசி, 300 எடுத்ததும் நிறுத்திவிடுவோர் உண்டு. "எடுத்த எண்ணிக்கைக்கு உரிய விலையே இறுதி" என்ற வரிதான் அப்போது காப்பாற்றும்.

இன்னொன்று: இந்தப் பட்டியலில் 450 உருப்படி 90,000 ரூபாய், 500 உருப்படி 89,000. 450 கேட்பவரிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் பிறகு கண்டுபிடித்தால், அடுத்த ஆர்டர் வராது.