இரண்டாயிரம் டாலர் ரூபாயாகும் வழி: ஒரு இன்வாய்ஸின் கணக்கு

வெளிநாட்டு கிளையன்டுக்கு வேலை செய்யும் ஃப்ரீலான்சர்கள் பலரும் பணம் வரும் வரைக்கும்தான் கவலைப்படுவார்கள். கணக்கில் விழுந்ததும் விஷயம் முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் அதற்குப் பிறகுதான் மூன்று கேள்விகள் ஆரம்பிக்கின்றன. அனுப்பிய தொகைக்கும் வந்த தொகைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? வங்கி ஏன் "இது என்ன பணம்" என்று கேட்கிறது? மூணு வருஷம் கழித்து வீட்டுக் கடன் அதிகாரி கேட்டால் இதை வருமானம் என்று எப்படிக் காட்டுவது? 2,000 டாலர் இன்வாய்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது போகும் வழியிலேயே நாமும் போய்ப் பார்க்கலாம்.

டாலர் எங்கே நிற்கிறது?

அமெரிக்க கிளையன்ட் தன் வங்கியில் உட்கார்ந்து ஸ்விஃப்ட் வழியாக 2,000 டாலர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த டாலர் சென்னைக்கோ மதுரைக்கோ வருவதே இல்லை. நம்முடைய வங்கிக்கு நியூயார்க் போன்ற ஊரில் வேறொரு வங்கியில் டாலர் கணக்கு இருக்கும். அதற்கு நாஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். டாலர் அங்கே போய்ச் சேருகிறது. இங்கே நம் வங்கி அந்த டாலரை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதற்கு ரூபாய் தருகிறது. இதைப் புரிந்துகொண்டால் கட்டணங்கள் எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கின்றன என்பது தானாகத் தெரிந்துவிடும். வழியில் இருக்கும் வங்கி கொஞ்சம் எடுக்கும். டாலரை வாங்கும் விலையில் நம் வங்கி கொஞ்சம் எடுக்கும். மிச்சம் சேவைக் கட்டணமும் வரியும்.

கிளையன்ட் பணம் அனுப்பும் படிவத்தில் OUR, SHA, BEN என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். OUR என்றால் வழிச்செலவு எல்லாம் அனுப்புபவருடையது. SHA என்றால் அவர் வங்கியின் கட்டணம் அவருக்கு, மற்றது நமக்கு. BEN என்றால் எல்லாமே நம் தலையில். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் SHA-தான் அமையும். இது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். ஒப்பந்தத்திலேயே "வங்கிக் கட்டணம் அனுப்புபவருடையது" என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

நான்கு இடத்தில் குறைகிறது

இனி கணக்கு. இதில் வரும் விகிதங்களும் கட்டணங்களும் உதாரணத்துக்காக வைத்தவை. வரி போடும் முறை மட்டும் சட்டத்தில் இருப்பது. சந்தையில் டாலர் 85.00 ரூபாய் என்று வைப்போம். அப்படியானால் 2,000 டாலரின் மதிப்பு 1,70,000 ரூபாய்.

முதலில், இடையில் இருக்கும் வங்கி 20 டாலர் கழிக்கிறது. நம் வங்கிக்கு வந்தது 1,980. ரூபாயில் 1,700 போச்சு.

இரண்டாவது, நம் வங்கி டாலருக்கு 85 தராது. அன்றைய டிடி வாங்கும் விகிதத்தில்தான் தரும். அது 84.00 என்றால் கையில் 1,66,320 ரூபாய். ஒரு ரூபாய் வித்தியாசத்தில் 1,980 ரூபாய் கரைந்துவிட்டது. இது எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராது. ஸ்டேட்மென்ட்டிலும் தனி வரியாக இருக்காது. நான்கில் பெரியதும் இதுதான், கண்ணில் படாததும் இதுதான்.

மூன்றாவது, நாணய மாற்றத்துக்கு ஜிஎஸ்டி. மாற்றிய முழுத் தொகைக்கும் 18 சதவீதம் என்று பயந்துவிடாதீர்கள். வங்கிகள் வழக்கமாகப் பின்பற்றும் முறைப்படி, முதல் ஒரு லட்சம் ரூபாய்க்கு 1 சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை அரை சதவீதம் என்று ஒரு சேவை மதிப்பைக் கணக்கிட்டு, அந்த மதிப்பின் மேல்தான் 18 சதவீதம். நம் கணக்கில்:

```
1000 + 0.005 × 66320 = 1331.60
1331.60 × 0.18       = 239.69
```

நான்காவது, வங்கியின் கையாளும் கட்டணம். 200 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 36 ரூபாயும் என்று வைப்போம்.

கடைசியில் கணக்கில் விழுவது 1,65,844 ரூபாய். குறைந்தது சுமார் 4,156 ரூபாய், அதாவது ஏறக்குறைய 2.4 சதவீதம். இதில் வரி வெறும் 276 ரூபாய் அளவுதான் என்பதைக் கவனியுங்கள். "எல்லாம் ஜிஎஸ்டியில போச்சு" என்று சொல்வது தப்பு. பாதிக்கு அருகில் போனது விகிதத்தில்.

அதனால் பேரம் பேசவேண்டிய இடமும் அதுதான். மாதாமாதம் தொகை வருகிறது என்றால், கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் நல்ல விகிதம் கேட்கலாம். 84.00 என்பது 84.60 ஆனால் இந்த ஒரு இன்வாய்ஸிலேயே 1,188 ரூபாய் மிச்சம். இன்னொன்று, 20 டாலரும் 236 ரூபாயும் தொகை சிறிதானாலும் குறையாது. 500 டாலருக்கு அந்த 20 டாலர் மட்டுமே 4 சதவீதம். சின்னச் சின்னதாக வாங்குவதைவிட, கிளையன்ட் நம்பகமானவராக இருந்தால், சேர்த்து வாங்குவது லாபம்.

வங்கி கேட்கும் காகிதம்

முதல் முறை பணம் வரும்போது வங்கியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். பணம் வந்திருக்கிறது, நோக்கத்தைச் சொல்லுங்கள், இன்வாய்ஸ் அனுப்புங்கள் என்று. பதில் போகும் வரை பணம் நிற்கும். சிலருக்கு இது சந்தேகப்பட்டுக் கேட்பது போலத் தோன்றும். அப்படி இல்லை. உள்ளே வரும் அந்நியச் செலாவணி ஒவ்வொன்றுக்கும் ரிசர்வ் வங்கியின் பட்டியலிலிருந்து ஒரு பர்ப்பஸ் கோடு போட்டாக வேண்டும். அது வங்கியின் கடமை.

மென்பொருள் ஆலோசனை, செயலாக்கம் என்ற வேலைக்கு P0802. தொழில் மேலாண்மை ஆலோசனை என்றால் P1006. சிக்கல் எங்கே வருகிறது என்றால், அவசரத்தில் P1301 விழுந்துவிடும்போது. அது வெளிநாட்டு இந்தியர் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கான கோடு. பணம் அதே பணம்தான், ஒரு பைசா குறையாது. ஆனால் பதிவில் அது உங்கள் சம்பாத்தியம் இல்லை, யாரோ உறவினர் அனுப்பியது. பின்னால் வருமானம் என்று சொல்லும்போது, கையில் இருக்கும் வங்கிச் சான்றே எதிர்சாட்சி சொல்லும். ஒவ்வொரு முறையும் வங்கி அனுப்பும் அட்வைஸில் கோடைப் பாருங்கள். தவறாக இருந்தால் அந்த வாரமே எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள்.

இன்வாய்ஸில் கிளையன்டின் முழுப் பெயர், முகவரி, எண், தேதி, வேலையின் விவரம், டாலர் தொகை இவ்வளவும் இருந்தால் போதும். பணம் அனுப்புபவரின் பெயரும் இன்வாய்ஸில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது முக்கியம். நிறுவனத்தின் பெயருக்கு இன்வாய்ஸ் கொடுத்துவிட்டு, பணம் அதன் முதலாளியின் சொந்தக் கணக்கிலிருந்து வந்தால், ஏன் என்று வங்கி கேட்கும். கேட்பதும் நியாயம்தான்.

ரூபாயாக வந்தால் என்ன சான்று?

ஸ்விஃப்ட் வேண்டாம் என்று பலர் பணப்பரிமாற்ற நிறுவனங்கள் வழியாக வாங்குகிறார்கள். விகிதம் நன்றாக இருக்கும், சீக்கிரமும் வரும். ஆனால் ஒரு விஷயம் மாறிவிடுகிறது. டாலரை ரூபாயாக்குவது அந்த நிறுவனத்தின் வங்கி. நம் கணக்கில் விழுவது உள்நாட்டு நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ். நம் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் மும்பையில் இருக்கும் ஏதோ ஒரு கம்பெனி ரூபாய் அனுப்பியது போல இருக்கும். வெளிநாட்டு வாடையே இருக்காது.

இங்கேதான் எஃப்ஐஆர்ஏ என்ற காகிதம் தேவைப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து இவ்வளவு டாலர், இந்த அனுப்புநர், இந்தக் கோடு, இந்த விகிதம் என்று வங்கி தரும் அட்வைஸ் அது. பேச்சுவழக்கில் எல்லாரும் எஃப்ஐஆர்சி என்றே சொல்கிறார்கள். அந்தப் பழைய சான்றிதழ் இப்போது அந்நிய முதலீட்டுக்கே வழங்கப்படுகிறது. சேவை ஏற்றுமதிக்கு அட்வைஸ்தான். வழியாக வாங்கினால், இதை டாலரை மாற்றிய வங்கிதான் தரமுடியும். உங்கள் கிளையில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு சேவையில் சேரும் முன்பே கேட்கவேண்டிய கேள்வி: "ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எஃப்ஐஆர்ஏ தருவீர்களா, எத்தனை நாளில்?"

இது இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வந்துவிடும். சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம், எல்யூடி கொடுத்துவிட்டால் கையிலிருந்து கட்டவேண்டியதில்லை. ஆனால் அது ஏற்றுமதி என்று ஆவதற்குள்ள நிபந்தனைகளில் ஒன்று, பணம் அந்நியச் செலாவணியில் வந்திருக்கவேண்டும் என்பது. ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் மட்டும் ரூபாய். காட்டமுடியாவிட்டால் 25 லட்சம் வருவாய்க்கு 18 சதவீதம், அதாவது 4,50,000 ரூபாய் என்ற கேள்வி எழலாம். 2.4 சதவீதத்தைப் பற்றி இவ்வளவு பேசினோமே, அதற்கு முன் இது எங்கே!

கடன் அதிகாரியின் மேசை

சம்பளக்காரருக்கு ஃபார்ம் 16 இருக்கிறது. உள்நாட்டு கிளையன்ட் என்றால் டிடிஎஸ் பிடிப்பார், அது 26ஏஎஸ் அறிக்கையில் பதிவாகும். வெளிநாட்டு கிளையன்ட் நம் ஊர் வரியைப் பிடிப்பதில்லை. அதனால் அந்த அறிக்கை கிட்டத்தட்ட காலியாக இருக்கும். நல்லா சம்பாதிக்கிறவரின் 26ஏஎஸ் காலியாக இருப்பதைப் பார்த்துக் கடன் அதிகாரி நெற்றியைச் சுருக்குவது இதனால்தான். முன்கூட்டிய வரியைக் காலாண்டு வாரியாகக் கட்டினால் அந்தச் செலான்களாவது ஏஐஎஸ் அறிக்கையில் தெரியும்.

அடுத்து, கணக்கில் காட்டும் வருமானம். 44ஏடிஏ பிரிவில் மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் வழக்கம் உண்டு. அதில் மொத்த வரவு என்று 2,000 டாலரின் மதிப்பையே எழுதுங்கள், வழியில் கழிந்தது போக வந்ததை அல்ல. கட்டணங்கள் அந்த மீதிப் பாதிச் செலவுக்குள் அடக்கம். இன்னொரு பக்க விளைவும் உண்டு: 24 லட்சம் வரவில் 12 லட்சம் லாபம் காட்டினால், கடன் அதிகாரி பொதுவாகத் தொடங்குவது அந்த 12-லிருந்துதான். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், உண்மையான லாபம் அதைவிட அதிகமாக இருக்கும்போது அதையே காட்டலாம். சட்டம் தடுக்கவில்லை. வரி கூடும், கடன் தகுதியும் கூடும்.

கோப்பு வைப்பது சுலபம். ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஒரு ஃபோல்டர், பெயர் இன்வாய்ஸ் எண். அதற்குள் இன்வாய்ஸ், ஒப்பந்தம் அல்லது வேலையை உறுதிசெய்த மின்னஞ்சல், எஃப்ஐஆர்ஏ, ஸ்டேட்மென்ட்டின் அந்தப் பக்கம். தொகை குறைந்து வந்திருந்தால் ஐந்தாவதாக ஸ்விஃப்ட் நகல். அதை உங்கள் வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். MT103 என்ற பழைய பெயரில் கேட்டால் புரியும். அனுப்பியது 2,000, சேர்ந்தது 1,980 என்ற இரண்டும் ஒரே தாளில் இருக்கும் இடம் அதுதான். இன்வாய்ஸுக்கும் எஃப்ஐஆர்ஏவுக்கும் நடுவே தொங்கும் 20 டாலருக்கு வேறு சாட்சி கிடையாது.

எஃப்ஐஆர்ஏவை அந்த மாதமே வாங்கிவிடுங்கள். ஒரு சேவையை விட்டு விலகிய பிறகு, மூடிய கணக்கின் மூன்று வருஷத்துக் காகிதத்தைத் திரட்டுவது பெரும்பாடு. மாதக் கடைசியில் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.