இருபத்து நாலும் அறுபதும்

லேப்டாப்பையோ கேம் கன்சோலையோ புது டிவியில் செருகியதும் செட்டிங்ஸில் ஒரு கேள்வி நிற்கும்: 60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா? பெரும்பாலோர் 60-லேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு படம் போட்டால், கேமரா வயல்வெளியை மெல்லத் துழாவிக்கொண்டு போகும் காட்சியில் பனைமரங்கள் வழுக்கிப் போகாமல் தத்தித் தத்திப் போகின்றன. டிவி கோளாறு என்று சர்வீஸுக்கு ஆள் அனுப்பச் சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அது கோளாறே அல்ல, வெறும் வகுத்தல் கணக்கு.

பேசும் படம் வந்த காலத்திலிருந்து சினிமாவின் வேகம் நொடிக்கு 24 படங்கள். இன்றைக்கு வரும் படங்களும் வெப் சீரிஸ்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை திரைக்குப் படம் போகிறது என்ற கணக்கு. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை வரும். ஒரு படத்தை இரண்டரை முறை காட்ட முடியாது. அதனால் முதல் படத்தை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை, மறுபடி மூன்று, மறுபடி இரண்டு என்று காட்டி ஒப்பேற்றுகிறார்கள். கேமரா பதிவு செய்தபோது ஒவ்வொரு படத்துக்கும் கிடைத்தது சமமான நேரம், ஏறக்குறைய 42 மில்லிநொடி. திரையில் ஒன்று 50 மில்லிநொடி நிற்கிறது, அடுத்தது 33-இல் ஓடிவிடுகிறது. கால் நொண்டுபவரின் நடை மாதிரி ஒரு எட்டு நீளம், ஒரு எட்டு குட்டை. ஆள் உட்கார்ந்து பேசும் காட்சியில் இது தெரியவே தெரியாது. கேமரா மெதுவாக, சீராக நகரும்போதும், கடைசியில் பெயர்கள் மேலே ஏறும்போதும் கண்ணை உறுத்தும்.

120-ஐ 24-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் ஐந்து. எல்லாப் படமும் ஐந்து முறை, எல்லாவற்றுக்கும் ஒரே நேரம். நொண்டல் போய்விடும். 60 படங்களில் எடுத்த காட்சியும் 120-இல் இரண்டிரண்டாகப் பொருந்திவிடும்.

ஆனால் 120-க்கு மாற்றிய பிறகும் சிலர் “இன்னும் வெட்டி வெட்டித்தான் ஓடுகிறது” என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. நொடிக்கு 24 என்பதே கொஞ்சம்தான். கேமரா வேகமாகத் திரும்பினால் இரண்டு படங்களுக்கு நடுவில் பெரிய தாவல் விழும். ஓஎல்இடி திரை ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குக் கண நேரத்தில் மாறிவிடுவதால் அந்தத் தாவல் அங்கே இன்னும் பளிச்சென்று தெரியும். இந்த வெட்டல் ஒரே சீராக இருக்கும். நொண்டல் சீராக இராது. முன்னதை ஹெர்ட்ஸ் மாற்றித் தீர்க்க முடியாது. டிவியே நடுவில் படங்களைக் கற்பனை செய்து நிரப்பும் வசதியைப் போட்டால் குறையும், ஆனால் சினிமா சீரியல் மாதிரி ஆகிவிடும். எனக்கு அது வெட்டலைவிடப் பெரிய தொல்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தியத் தொலைக்காட்சி தூர்தர்ஷன் காலத்திலிருந்தே 50-ஐ அடிப்படையாகக் கொண்டது. நொடிக்கு 50 படங்களாக வரும் கிரிக்கெட்டை 60-இல் ஓட்டினால், ஐந்து படத்துக்கு ஒன்று இரண்டு முறை நிற்கும். நொடிக்குப் பத்துத் தடவை சின்னச் சறுக்கல். 120-இலும் இது சரியாக வகுபடாது. படங்கள் இரண்டு முறையும் மூன்று முறையுமாக மாறி மாறி நிற்கும்; சறுக்கல் பாதியாகக் குறையும், முழுக்கப் போகாது. இதற்கு வேண்டியது 50 அல்லது 100. செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்துகளை உற்றுப் பார்த்தாலே பொருந்துகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எனவே ஏதாவது ஒரு எண்ணில் பூட்டிவைப்பதைவிட, ஓடும் காட்சிக்கேற்ப எண்ணை மாற்றச் சொல்வது நல்லது. ஆப்பிள் டிவி பெட்டியில் Match Content என்பதற்குள் Match Frame Rate இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் Allow 24Hz, Allow 50Hz என்ற இரண்டையும் தேர்ந்துவிட வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் பொதுவாக நாமே மாற்ற வேண்டியிருக்கும். படம் பார்க்க மட்டும் என்றால் 120 போதும். 4கே-யில் 120 வேண்டுமென்றால் டிவி, பெட்டி, கேபிள் மூன்றும் அதைத் தாங்க வேண்டும். டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் தாங்குவதில்லை. எது தாங்கும் என்பது பெரும்பாலும் துளையின் அருகிலேயே அச்சிட்டிருக்கும்.

இப்படி மாற்றிவைத்த பின் ஒவ்வொரு படம் தொடங்கும்போதும் திரை ஒன்றிரண்டு நொடி கறுத்து மீளும். ஹெர்ட்ஸ் மாறுகிறது, அவ்வளவுதான்; கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டியதில்லை.